த்ரெட்டில் பதிலா, சேனலில் புதுப் பதிவா?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு குழு பேசிக்கொள்வது ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில். அதில் எங்கள் சேனலில் 38 பேர் இருந்தோம். நிரல் எழுதுபவர்கள், டெஸ்டிங் பார்ப்பவர்கள், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் சப்போர்ட் ஆட்கள் என்று எல்லோருக்கும் அந்த ஒரே சேனல்தான். ஒரு நாளைக்கு 150 செய்திகள் சாதாரணமாக ஓடும். ஒருநாள் காலை 10:05-க்கு டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்பவர் இப்படி ஒரு பதிவு போட்டார்:

> இன்று மாலை 6 மணிக்கு ஆர்டர் டேட்டாபேஸில் மைக்ரேஷன். சுமார் 20 நிமிடம் புதிதாக எதையும் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும்.

நல்ல பதிவு. பதினோரு பேர் கட்டைவிரல் எமோஜி வைத்தார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் அதன் கீழே த்ரெட், அதாவது அந்த ஒரு பதிவுக்கான பதில்கள் மட்டும் தனியாகச் சேரும் இடம், ஒன்றைத் திறந்து, "6:30-க்கு பேக்கப் ஓடுமே, மைக்ரேஷன் இழுத்தால் ரெண்டும் மோதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, கேட்ட இடமும் சரி. அங்கேயே நான்கு பேர் பேசினார்கள். பேக்கப் நேரத்தைத் தள்ளலாமா, மைக்ரேஷனை இரண்டாகப் பிரிக்கலாமா என்று போய், பதினேழாவது பதிலில் "அப்போ 4 மணிக்கே முடிச்சிடலாமா?" என்று ஒருவர் எழுதினார். பதினெட்டாவது, "எனக்கு ஓகே." பத்தொன்பதாவது, "சரி, 4 மணி."

சப்போர்ட்டில் இருந்த ஒருவர் காலைப் பதிவைப் படித்திருந்தார். கட்டைவிரல் வைத்த பதினோரு பேரில் அவரும் ஒருவர். ஆறு மணிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, 3:45-க்கு மூவாயிரம் முகவரித் திருத்தங்கள் கொண்ட ஒரு கோப்பை ஏற்ற ஆரம்பித்தார். நான்கு மணிக்கு டேட்டாபேஸ் எழுதுவதை நிறுத்தியது. பாதிக்கு மேல் ஏறியிருந்தது, மீதி ஏறவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அந்தக் கருவியில் இல்லை. எது ஏறியது, எது ஏறவில்லை என்று வரிவரியாக ஒப்பிட்டு முடிக்க இரவு ஒன்பது ஆனது.

"6 மணின்னுதானே போட்டிருந்தீங்க?" என்றார் அவர். "மாத்தினதை அதுக்குக் கீழேயே போட்டோமே" என்றார் டேட்டாபேஸ்காரர். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. செய்தி சேனலில்தான் இருந்தது, ஆனால் அவரைத் தேடிப் போகாத இடத்தில் இருந்தது. த்ரெட்டா புதுப் பதிவா என்ற கேள்வியை நான் அதற்குப் பிறகுதான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

யாருக்கு மணி அடிக்கிறது

ஸ்லாக்கில் த்ரெட் வசதி 2017 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் ஒரு சேனல் என்றால் ஒரே ஓட்டம், வந்த வரிசையில் எல்லாம் கீழே கீழே சேரும். த்ரெட் வந்ததும் பலரும் அதை ஒழுங்குபடுத்தும் சாதனமாக மட்டுமே பார்த்தார்கள். சம்பந்தப்பட்ட பேச்சு ஒரே இடத்தில் சேருகிறது, சேனல் சுத்தமாகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். அது பாதிதான். த்ரெட்டில் எழுதும்போது செய்தியின் இடம் மட்டும் மாறுவதில்லை, அதைக் கேட்கப்போகிறவர்களும் மாறுகிறார்கள்.

வழக்கமான அமைப்பில் ஒரு த்ரெட் பதில் யாருக்குத் தெரிவிக்கப்படும்? முதல் பதிவைப் போட்டவருக்கு, அதில் ஏற்கனவே பதில் எழுதியவர்களுக்கு, @ போட்டுப் பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கு, தாங்களாகவே அந்த த்ரெட்டைப் பின்தொடரச் சொல்லி வைத்தவர்களுக்கு. அவ்வளவுதான். எமோஜி வைத்தவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். படித்தேன், புரிந்தது, ஏற்கிறேன் என்று சொல்லத்தான் கட்டைவிரல் வைக்கிறோம். ஆனால் "இதில் மாற்றம் வந்தால் எனக்கும் சொல்" என்ற பொருள் அதற்கு இல்லை. மேலே சொன்ன சம்பவத்தின் முடிச்சே இதுதான். வைத்தவரும் அறியவில்லை, வைத்ததைப் பார்த்தவரும் அறியவில்லை.

மற்றவர்களுக்கு என்ன தெரியும்? முதல் பதிவுக்குக் கீழே "19 replies" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. சேனலின் பெயர் தடித்த எழுத்தாக மாறாது. அதற்குள் சேனலில் வேறு முப்பது செய்திகள் வந்திருந்தால் முதல் பதிவே திரையை விட்டு மேலே போயிருக்கும். த்ரெட்டுக்குள் @channel போட்டு எல்லோரையும் எழுப்பலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. @channel, @here இரண்டும் ஸ்லாக்கில் த்ரெட்டுக்குள் செல்லாது.

முதல் பதிவையே திருத்திவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். 6 என்பதை 4 ஆக்கினால் போதாதா? இனிமேல் படிக்கப்போகிறவருக்கு அது உதவும், அதனால் கட்டாயம் திருத்துங்கள். ஏற்கனவே படித்துவிட்டுப் போனவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. திருத்தம் யாரையும் கூப்பிடாது.

ஆகவே எழுதுவதற்கு முன் "இது அந்தப் பேச்சோடு சம்பந்தப்பட்டதா?" என்று கேட்பது போதாது. பெரும்பாலும் சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும், நேரத்தை 4-க்கு மாற்றியதும் சம்பந்தப்பட்டதுதான். கேட்க வேண்டியது: இதைப் பார்க்காமல் விட்டால் யாருக்கு அடி விழும்? அவர்கள் எல்லோரும் ஏற்கனவே த்ரெட்டுக்குள் இருக்கிறார்கள் என்றால் த்ரெட்டிலேயே எழுதுங்கள். ஒருவராவது வெளியே இருந்தால் த்ரெட் மட்டும் போதாது.

அப்படியானால் எல்லாவற்றையும் வெளியே போட்டால் என்ன?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குழு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இனிமேல் எதையும் த்ரெட்டில் மறைக்க வேண்டாம், எல்லாம் சேனலிலேயே என்று முடிவு செய்தோம். மூன்று வாரம் தாங்கினோம். இரைச்சல் தாங்கவில்லை என்பது ஒரு காரணம்தான். அந்தப் பத்தொன்பது பதில்களையும் சேனலில் போட்டிருந்தால் 38 பேர் பத்தொன்பது முறை எட்டிப் பார்த்திருப்பார்கள், எழுநூறுக்கும் மேற்பட்ட பார்வைகள். உண்மையில் பேசியது நான்கு பேர்.

ஆனால் இரைச்சலைவிட ஆபத்தானது வேறு ஒன்று. இரண்டு பேச்சுகள் ஒரே நேரத்தில் ஓடினால் பதில் எந்தக் கேள்விக்குச் சொந்தம் என்பது தெரியாமல் போகும். எங்கள் சேனலில் ஒருநாள் வந்த வரிசை ஏறக்குறைய இது:

> 11:02 — பழைய லாக் ஃபைல்கள் டிஸ்க்கை நிரப்புது, போன மாசத்ததை அழிச்சிடட்டுமா?
> 11:03 — டெஸ்ட் சர்வரில் இருக்கும் பயனர் டேபிளில் டூப்ளிகேட் நிறைய. காலி பண்ணிட்டு மறுபடி ஏத்தலாமா?
> 11:03 — டூப்ளிகேட் எப்படி வந்துச்சு?
> 11:05 — அழிச்சிடுங்க.

கடைசி வரியை எழுதியவர் டிஸ்க் கேள்விக்குத்தான் பதில் சொன்னார். அவர் தட்டிக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில் நடுவில் இரண்டு வரிகள் வந்துவிட்டன. டேபிளைப் பற்றிக் கேட்டவர் அந்தச் சொல்லைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு டேபிளைக் காலி செய்தார். டூப்ளிகேட் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கத் தேவையான தடயமும் அதோடு போனது. டெஸ்ட் சர்வர் என்பதால் தப்பித்தோம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கணக்கு எளிது. "ஆமாம்", "வேண்டாம்", "சரி", "அழிச்சிடுங்க", "இரண்டாவது" போலத் தனியாக நின்றால் பொருள் தராத பதில் எதுவும் த்ரெட்டுக்குள்தான் போக வேண்டும். கேள்வி கண்ணெதிரே கடைசி வரியாக இருந்தாலும்கூட. பரபரப்பான சேனலில் நீங்கள் தட்டி முடிப்பதற்குள் அது கடைசி வரியாக இருக்காது.

இதை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலருக்குக் கைப்பழக்கம் வாட்ஸ்அப்பில் பதிந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் பிடித்து இழுத்துப் பதில் எழுதினால், பழைய செய்தியின் துண்டு மேலே ஒட்டிக்கொண்டு பதில் அதே ஓட்டத்தில் வந்து விழும். அது மேற்கோள், த்ரெட் இல்லை. எல்லோரும் பார்ப்பார்கள், எதற்குப் பதில் என்பதும் தெரியும். அந்தப் பழக்கத்தோடு ஸ்லாக்குக்கு வருகிறவர் த்ரெட்டில் எழுதிவிட்டு எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறார், அல்லது சேனலில் எழுதிவிட்டு எதற்கான பதில் என்று தெரிந்திருக்கும் என்று நம்புகிறார். இரண்டு நம்பிக்கையும் இங்கே பலிக்காது.

நடுவில் இருக்கும் இரண்டு வழிகள்

த்ரெட் மட்டும், சேனல் மட்டும் என்ற இரண்டுக்கும் நடுவில் ஸ்லாக் ஒரு சின்னக் கட்டத்தை வைத்திருக்கிறது. த்ரெட்டில் எழுதும் பெட்டிக்குக் கீழே `Also send to` என்று தொடங்கி சேனலின் பெயரோடு முடியும் ஒரு டிக். அதைப் போட்டு அனுப்பினால் பதில் த்ரெட்டிலும் இருக்கும், சேனலிலும் தெரியும். சேனலில் தெரிவதைத் தட்டினால் முழு த்ரெட்டும் திறக்கும்.

நடுவில் இருக்கும் இன்னொரு வழி, புதுப் பதிவு ஒன்றை எழுதி அதில் பழைய த்ரெட்டின் இணைப்பை ஒட்டுவது.

இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தோன்றும். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். பயன்படுத்திப் பார்த்தபோது ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. டிக் போட்டு அனுப்பிய செய்தி பழைய பேச்சின் தொடர்ச்சி, அதற்கு வரும் பதில்கள் அந்தப் பழைய த்ரெட்டிலேயே போய்ச் சேரும். இணைப்போடு போட்ட புதுப் பதிவு ஒரு புதுத் தொடக்கம், அதன் கீழே புது த்ரெட் வளரும். ஆகவே, இனி வரும் கேள்விகள் எங்கே வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை வைத்துத் தேர்வு செய்ய வேண்டும்.

மைக்ரேஷன் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு மணி என்று முடிவானதும் பத்தொன்பதாவது பதிலை டிக் போட்டு அனுப்பியிருந்தால் போதுமா? அவர்கள் எழுதியபடியே "சரி, 4 மணி" என்று டிக் போட்டிருந்தால் போதாது. சப்போர்ட் நண்பர் சேனலில் "சரி, 4 மணி" என்று ஒரு வரியைப் பார்ப்பார். ஏதோ கூட்டம் போலிருக்கிறது என்று கடந்து போவார். சேனலுக்கு வரும் செய்தி, மேலே எதையும் படிக்காதவருக்கும் முழுதாகப் புரிய வேண்டும். இப்படி எழுதியிருக்கலாம்:

> நேரம் மாறியிருக்கிறது: ஆர்டர் டேட்டாபேஸ் மைக்ரேஷன் இன்று 6 மணிக்கு இல்லை, 4 மணிக்கு. 4:00 முதல் 4:20 வரை எழுத முடியாது. மொத்தமாக ஏதாவது ஏற்றுவதாக இருந்தால் 3:30-க்குள் முடியுங்கள், அல்லது 4:30-க்கு மேல் தொடங்குங்கள்.

இதை எழுத ஒரு நிமிடம் ஆகும். அதில் பழைய நேரம் இருக்கிறது, அதனால் மனதில் 6 என்று பதிந்தவர் எதை அழிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். புது நேரம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. பேக்கப் மோதல் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அது தேவைப்படுகிறவர் த்ரெட்டைத் திறந்து பார்ப்பார்.

இந்த இடத்தில் டிக் போடுவதா, புதுப் பதிவா என்றால் நான் புதுப் பதிவையே சொல்வேன். இது ஒரு விவாதத்தின் முடிவு மட்டும் அல்ல, முந்தைய அறிவிப்பை ரத்து செய்யும் அறிவிப்பு. புதுப் பதிவில் @here போட முடியும். இனிமேல் வரும் கேள்விகளும் "3:40-க்கு ஒரு இம்போர்ட் ஓடுமே, என்ன செய்ய?" என்ற வகையில்தான் இருக்கும். பேக்கப் விவாதத்தின் இருபதாவது பதிலாக அவை வர வேண்டிய அவசியம் இல்லை. பழைய பதிவின் த்ரெட்டில் கடைசியாக ஒரு வரி, "புது நேரம் இங்கே" என்று இணைப்பு. பழைய பதிவின் தலையில் "நேரம் மாறிவிட்டது" என்று ஒரு திருத்தம். மூன்று இடத்திலும் சேர்த்து இரண்டு நிமிட வேலை.

டிக்குக்குப் பொருத்தமான இடம் வேறு. யாரோ சேனலில் ஒரு கேள்வி கேட்டார், த்ரெட்டில் தேடித் துழாவி விடை கிடைத்தது, அதே சிக்கல் மற்றவர்களுக்கும் வரக்கூடும். அப்போது விடையை மட்டும், கேள்வியையும் ஒரு வரியில் சேர்த்து, டிக் போட்டு அனுப்பலாம். யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தெரிந்துகொண்டால் நல்லது என்ற வகை.

ஒரே த்ரெட்டில் பதிலுக்குப் பதில் டிக் போட்டுக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அது எதிலும் சேராது. சேனலில் இருப்பவருக்குப் பேச்சின் பாதி தெரியும், டிக் போடாத பாதி தெரியாது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் தொலைபேசி உரையாடல் மாதிரி இருக்கும். ஒரு த்ரெட்டுக்கு ஒரு டிக், அதுவும் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

பழைய த்ரெட்டை எழுப்பலாமா

ஒரு மாதத்துக்கு முன் பேமெண்ட் பக்கம் மெதுவாகிறது என்று ஒரு த்ரெட் ஓடி, காரணம் கண்டு சரிசெய்து முடித்தீர்கள். இன்று மறுபடி மெதுவாகிறது. பழைய த்ரெட்டில் "மறுபடியும் வந்திருக்கு" என்று எழுதத்தான் கை போகும். எல்லா வரலாறும் அங்கே இருக்கிறது அல்லவா.

எழுதினால் மணி அடிப்பது போன மாதம் அதில் பேசியவர்களுக்கு. இன்று கண்காணிக்கும் முறை வேறு ஒருவருடையதாக இருக்கலாம், அவருக்குத் தெரியாது. போன முறை பார்த்தவர் விடுப்பில் இருக்கலாம். இன்னொரு சிக்கல், அறிகுறி ஒன்றாக இருப்பதாலேயே காரணமும் ஒன்று என்று எல்லோர் மனதும் நம்பிவிடும். பழைய த்ரெட்டின் முடிவிலிருந்து தேட ஆரம்பிப்பார்கள். எனவே புதுப் பதிவு போடுங்கள். இன்றைக்கு எத்தனை மணியிலிருந்து, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எழுதிவிட்டு, "இதே அறிகுறி போன மாதமும் வந்தது" என்று பழையதன் இணைப்பை ஒட்டுங்கள்.

பழைய த்ரெட்டிலேயே எழுத வேண்டிய சமயமும் இருக்கிறது: அங்கே சொன்ன விடை தவறு என்று இப்போது தெரியவரும்போது. நாளை தேடி வருகிறவர் அந்தத் த்ரெட்டில்தான் வந்து இறங்குவார், தவறான விடையை நம்பிப் போவார். அதற்குக் கீழேயே திருத்தம் இருக்க வேண்டும். அந்தத் தவறான விடையை யாராவது இதற்குள் பின்பற்றியிருக்கக்கூடும் என்றால் மட்டும் சேனலிலும் சொல்லுங்கள்.

டிஸ்கார்ட் என்ற இன்னொரு அரட்டைச் செயலியில் இந்தக் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி வரும். அங்கே பேச்சு நின்றுபோன த்ரெட் தானாகவே ஒதுக்கி வைக்கப்படும். 1 மணி நேரம், 24 மணி நேரம், 3 நாள், 1 வாரம் என்று அதற்கான கெடுவைத் தேர்வு செய்யலாம். செய்திகள் அழிவதில்லை, பக்கப் பட்டியலிலிருந்து மட்டும் போய்விடும். ஒரு நாள் கெடு வைத்த த்ரெட்டில் முக்கியமான முடிவை எழுதிவிட்டு மறுநாள் "எங்கே போச்சு?" என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஜூலிப் என்ற மற்றொரு செயலியில் நிலைமை வேறு. அங்கே சேனலில் போடும் செய்திகளைத் தலைப்புவாரியாகவே பிரித்து வைப்பார்கள், தலைப்பு மாறிப்போனால் செய்திகளை வேறு தலைப்புக்கு நகர்த்தவும் முடியும். ஸ்லாக்கில் சேனலில் விழுந்த செய்தியை எடுத்து த்ரெட்டுக்குள் வைக்க வழி இல்லை, அதனால் அங்கே முதலிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

த்ரெட் தாங்காத பேச்சு

த்ரெட்டுக்குள் இன்னொரு த்ரெட் ஸ்லாக்கில் கிடையாது. ஒரே அடுக்குதான். சேனலில் இரண்டு பேச்சு பின்னிக்கொள்வதைத் தவிர்க்க த்ரெட்டுக்குப் போனோம். த்ரெட்டுக்குள்ளேயே இரண்டு பேச்சு கிளம்பினால் அதே சிக்கல் உள்ளே வந்துவிடும், இந்த முறை தப்பிக்க இடமும் இல்லை.

ஏதோ பெரிதாக உடையும்போது இது நன்றாகத் தெரியும். எச்சரிக்கைச் செய்தியின் கீழே த்ரெட் திறக்கிறார்கள். ஒருவர் டேட்டாபேஸைப் பார்க்கிறார், ஒருவர் நெட்வொர்க்கைப் பார்க்கிறார், ஒருவர் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்று கேட்கிறார். மூன்று பேரும் ஒரே த்ரெட்டில். "மறுபடி ரீஸ்டார்ட் பண்ணேன்" என்று ஒருவர் எழுதினால் எதை என்று யாருக்கும் தெரியாது. பதில்களின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டும்போது எனக்குச் சந்தேகம் வரும், ஆனால் எண்ணிக்கையைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. த்ரெட்டுக்குள் ஆட்கள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மேற்கோள் காட்ட ஆரம்பித்தால், "நான் மேலே கேட்டது" என்று எழுத ஆரம்பித்தால், த்ரெட்டின் எல்லை வந்துவிட்டது. அப்போது அந்த வேலைக்கென்று தனிச் சேனல் ஒன்றைத் திறந்து, அதன் இணைப்பை த்ரெட்டிலும் சேனலிலும் போட்டுவிட்டு எல்லோரும் அங்கே போவதுதான் வழி. பழைய சேனலுக்கு அரை மணிக்கொரு முறை நிலைமை என்ன என்று ஒரே ஒரு பதிவு வரட்டும்.

அதேபோல, த்ரெட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது "அது இருக்கட்டும், பில்ட் காலையிலிருந்து ஃபெயில் ஆகுதே, யாராவது பார்த்தீங்களா?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல இயல்பாக வரும் கேள்வி. ஆனால் விடை தெரிந்தவர் அந்தத் த்ரெட்டில் இருப்பாரா என்பது அதிர்ஷ்டம். இதற்கு எப்போதும் புதுப் பதிவு. யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் "தனியாப் போடுங்க" என்று மட்டும் சொல்லாமல், நீங்களே சேனலில் ஒரு வரி போட்டு "இங்கே பார்க்கலாம்" என்று இணைப்பு கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். விதிகளை எழுதிச் சேனலின் தலையில் குத்தி வைத்தும் பார்த்தோம், அதை யாரும் திறந்து படித்த மாதிரி தெரியவில்லை.

முதல் செய்தி ஒன்றாக இருக்கட்டும்

த்ரெட் ஒழுங்காக வளருமா என்பது பெரும்பாலும் முதல் பதிவிலேயே முடிவாகிவிடும். ஒருவர் சேனலில் "ஹாய்" என்று போடுகிறார். அடுத்து "ஒரு சந்தேகம்". அடுத்து "லாகின் வேலை செய்யலை". அடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட். நான்கு செய்திகள். பதில் எழுத வருகிறவர்களில் ஒருவர் "லாகின்" வரியின் கீழே த்ரெட் திறக்கிறார், இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட்டின் கீழே. இரண்டு பேரும் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவர் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பதில் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி, படத்தையும் அதிலேயே இணைத்து அனுப்பினால் த்ரெட் தொங்குவதற்கு ஒரே கொக்கிதான் இருக்கும். நீளமான விவரம் இருந்தால், முதல் பதிவில் இரண்டு மூன்று வரிச் சுருக்கம், மிச்சத்தை உடனே உங்கள் முதல் பதிலாக த்ரெட்டுக்குள். லாக் வரிகள் ஐம்பதை ஒட்டுவதற்கு த்ரெட்டைவிட நல்ல இடம் இல்லை.

இரண்டு த்ரெட் ஆகிவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதில் "இங்கே தொடர்கிறோம்" என்று இணைப்பு போட்டு நிறுத்துங்கள். அதை யார் செய்வது என்று காத்திருக்க வேண்டாம், முதலில் கவனித்தவர் செய்தால் போதும்.

சேனலே அமைதியானதாக இருந்தால் இவ்வளவும் வேண்டியதில்லை. ஆறு பேர், நாளைக்குப் பத்துச் செய்தி என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கிறார்கள். அங்கே ஓட்டத்திலேயே பேசலாம், த்ரெட்டுக்குள் ஒளித்துவைப்பதுதான் இடைஞ்சல். நீங்கள் பதில் எழுதி முடிப்பதற்குள் நடுவில் வேறு செய்தி வந்து விழுகிறதா என்று ஒரு வாரம் கவனித்தால் உங்கள் சேனல் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

தவறான இடத்தில் போட்டுவிட்டால்? சேனலில் போக வேண்டியது த்ரெட்டில் போய்விட்டது என்றால் எளிது, முழு வாக்கியமாகச் சேனலில் மறுபடி எழுதி இணைப்பு கொடுங்கள். த்ரெட்டில் போக வேண்டியது சேனலில் விழுந்துவிட்டது, இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால் நகலெடுத்து, அழித்து, த்ரெட்டில் ஒட்டிவிடலாம். ஆனால் அதன் கீழே பதில்கள் வந்துவிட்டிருந்தால் அழிக்காதீர்கள். ஸ்லாக்கில் முதல் செய்தியை அழித்தாலும் பதில்கள் அப்படியே நிற்கும், தலையில் "This message was deleted" என்று மட்டும் இருக்கும். எதற்குப் பதில் என்று பிறகு வருகிறவருக்குத் தெரியாது. அந்தச் செய்தியை அப்படியே விட்டுவிட்டு, எங்கே பேச்சு நடக்கிறது என்ற இணைப்பை மட்டும் அதன் த்ரெட்டில் ஒரு பதிலாகப் போட்டுவிடுங்கள். அங்கே எழுதியவர்களுக்கு அது தானாகவே போய்ச் சேரும்.